சீரியல் மானிட்டர்ல குப்பை எழுத்து வருதா? போர்டு நல்லாத்தான் இருக்கு, பாட் ரேட்டப் பாருங்க

போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு ஆர்டுயினோ ஊனோ போர்டுல வெப்பநிலை சென்சார மாட்டி, நெட்ல கெடைச்ச கோட அப்லோடு பண்ணி, சீரியல் மானிட்டரத் திறந்து பாத்திருக்கான். `Temp: 28.40` னு வரிவரியா வரணும். வந்தது என்னன்னா ரெண்டு செகண்டுக்கு ஒருதரம் ஒண்ணோ ரெண்டோ இடவலமாத் திரும்பின கேள்விக்குறி, எல்லாம் ஒரே வரில ஒட்டிக்கிட்டு. "அண்ணா, சென்சார் போயிடுச்சா போர்டு போயிடுச்சான்னு தெரியல, கடைல கேட்டா வேற போர்டு வாங்கிக்கோன்னு சொல்றாங்க"ன்னு கேட்டான்.

அவன் கோட்ல `Serial.begin(115200)` னு இருந்துச்சு, மானிட்டர்ல `9600 baud` னு இருந்துச்சு. அவ்ளோதான் விஷயம். மானிட்டர்ல அந்த டப்பாவத் திறந்து 115200 ஆக்கினதும் `Temp: 28.40` வந்துடுச்சு, ஒரு போர்டு காசு மிச்சம்.

ஆனா இதுக்கு எல்லாரும் சொல்ற பதில் "ரெண்டையும் ஒண்ணா வை"ங்கறதோட நின்னுடுது. ஏன் ஒண்ணா வைக்கணும், வைக்கலேன்னா எழுத்து வராமப் போறதுக்குப் பதிலா ஏன் வேற எழுத்தா வருதுன்னு யாரும் சொல்றதில்ல. அதனால ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாங்க, கேபிள் சரியில்ல, டிரைவர் பிரச்சன, வேகம் ஜாஸ்தி வச்சா எழுத்து உடையும், கொறைச்சு 9600ல வச்சா சரியாயிடும்னு. இதுல கடைசியா சொன்னதுதான் ஆளக் கொழப்பறது, ஏன்னா சில சமயம் அது வேலையும் செஞ்சுடும், ஆனா காரணம் வேற.

## மொட்டைமாடி டார்ச்

ராத்திரி கரண்ட் இல்ல. நீங்க உங்க வீட்டு மொட்டைமாடில நிக்கறீங்க, நாலு வீடு தள்ளி உங்க ஃப்ரெண்டு அவன் மாடில நிக்கறான். கைல ஒரு டார்ச் மட்டும். பேசி வச்சுக்கறீங்க: டார்ச் எரிஞ்சா 1, அணைஞ்சா 0, ஒரு செகண்டுக்கு ஒரு எண். சும்மா இருக்கும்போது டார்ச் எரிஞ்சுகிட்டே இருக்கும், சேதி ஆரம்பிக்கறப்ப ஒரு செகண்டு அணைப்பேன், அதப் பாத்ததும் நீ எண்ண ஆரம்பின்னு சொல்லிடறீங்க.

இப்ப கவனிங்க, ரெண்டு பேருக்கும் நடுவுல கடிகாரம்னு எதுவும் கிடையாது. நீங்க உங்க மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணி டார்ச்ச அணைக்கறீங்க, அவன் அவன் மனசுக்குள்ள எண்ணி நோட்டுல எழுதறான். நீங்க மூணு செகண்டு அணைச்சு வச்சா அவன் 000 னு எழுதணும். அவன் தப்பா நெனச்சுகிட்டு அரை செகண்டுக்கு ஒண்ணா எண்ணிட்டு இருந்தா 000000 னு எழுதிடுவான். அவன் கண்ணுல கோளாறு இல்ல, டார்ச்சுலயும் கோளாறு இல்ல, வெளிச்சம் சரியாத்தான் போய்ச் சேருது. எண்ற வேகம் மட்டும் வேற. "மூணு செகண்டு இருட்டு"ங்கறது அவனுக்கு மூணு சைபரா ஆறு சைபரான்னு சொல்றதுக்கு அந்த வெளிச்சத்துக்குள்ள எந்தத் தகவலும் இல்ல.

ஆர்டுயினோவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல நடக்கறது இதேதான். டார்ச்சுக்குப் பதிலா ஒரு ஒயர்ல வோல்டேஜ், எரிஞ்சா 5 வோல்ட், அணைஞ்சா 0 வோல்ட்.

## பாட் ரேட்னா என்ன

ஒரு செகண்டுக்கு ஒயர்ல எத்தன தடவ நிலை மாறலாம்ங்கற எண்ணிக்கைதான் பாட் ரேட். நம்ம கேஸ்ல ஒவ்வொரு நிலையும் ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது ஒரு 1. அதனால 9600 பாட்னா செகண்டுக்கு 9600 பிட்னே எடுத்துக்கலாம். (பிரெஞ்சுத் தந்தி இஞ்சினியர் எமில் போடோ பேர்ல இருந்து வந்த சொல் இது.)

இத வேகம்னு நெனைக்கறத விட நேரம்னு நெனச்சா உடனே புரியும். 9600ல ஒரு பிட் ஒயர்ல நிக்கற நேரம் சுமார் 104 மைக்ரோ செகண்ட், மைக்ரோ செகண்ட்னா செகண்டுல பத்து லட்சத்துல ஒரு பங்கு. 19200ல அதுல பாதி, 52 மைக்ரோ செகண்ட். 115200ல ஒன்பது கூட வராது, 8.7 மைக்ரோ செகண்ட்தான். `Serial.begin(9600)` னு நீங்க எழுதறப்ப போர்டு கிட்ட சொல்றது "ஒவ்வொரு பிட்டயும் 104 மைக்ரோ செகண்ட் புடிச்சு வை". மானிட்டர்ல 9600 தேர்ந்தெடுக்கறப்ப அந்தப் பக்கம் சொல்றது "104 மைக்ரோ செகண்டுக்கு ஒருதரம் ஒயரப் பாரு". ரெண்டும் தனித்தனி உத்தரவு. ஒண்ணப் பாத்து இன்னொண்ணு தானா மாறிக்காது.

ஊனோ போர்டுல இந்த "அந்தப் பக்கம்"ங்கறது நேரா உங்க லேப்டாப் இல்ல. யூஎஸ்பி சாக்கெட் பக்கத்துல ஒரு குட்டி சிப் இருக்கும், ஒரிஜினல் போர்டுல அட்மெகா 16யூ2, விலை கொறைஞ்ச போர்டுகள்ல பெரும்பாலும் சிஎச்340. உங்க கோடு ஓடற பெரிய சிப் அட்மெகா 328, அது ஒயர்ல பேசறது இந்தக் குட்டி சிப் கிட்ட, இதுதான் அத யூஎஸ்பியா மாத்தி லேப்டாப்புக்கு அனுப்புது. நீங்க மானிட்டர்ல பாட் ரேட்ட மாத்தினா அந்த எண் யூஎஸ்பி வழியா குட்டி சிப்புக்குப் போய் அதோட எண்ற வேகம் மாறும். ஆக சண்ட நடக்கறது போர்டுக்குள்ளயே, ரெண்டு சிப்புக்கும் நடுவுல, ஒரு விரக்கடை தூரத்துல.

இதுவரைக்கும்: ஒயர்ல பிட்டு மட்டும்தான் போகுது, எந்த வேகத்துல போகுதுங்கறது போகல. அத ரெண்டு பக்கமும் முன்னாடியே நாமதான் சொல்லி வைக்கணும்.

## ஒரு எழுத்து எப்படிப் போகுது

`H` னு ஒரு எழுத்த அனுப்பறோம்னு வைங்க. கம்ப்யூட்டருக்கு எழுத்துன்னு ஒண்ணு தெரியாது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். இங்கிலீஷ் எழுத்து, எண், குறி எல்லாத்துக்கும் 0ல இருந்து 127 வரைக்கும் நம்பர் குடுத்திருக்கற பட்டியலுக்குப் பேர் ஆஸ்கி. அதுல `H` க்கு 72. அத எட்டு பிட்டா எழுதினா 01001000.

இது ஒயர்ல போறப்ப வலது கோடி பிட் மொதல்ல போகும், அதனால 00010010 னு திரும்பிடும். முன்னாடி ஒரு 0 சேக்கறாங்க, அதுதான் ஸ்டார்ட் பிட், நம்ம டார்ச்ச மொதல்ல அணைச்சோம்ல அதே வேலை. கடைசில ஒரு 1, அதுக்குப் பேர் ஸ்டாப் பிட், டார்ச் திரும்ப எரியற நிலைக்கு வந்துட்டா அடுத்த எழுத்துக்கு ரெடின்னு அர்த்தம். மொத்தம் பத்து பிட்:

```
0 00010010 1
```

9600ல பத்து பிட் போக ஒரு மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் மேல ஆகும்.

## இப்ப தப்பான வேகத்துல படிச்சுப் பாப்போம்

இந்த எடத்தக் கொஞ்சம் பொறுமையாப் படிங்க, பேனா பேப்பர் எடுத்துகிட்டா இன்னும் நல்லது, மொத்த விஷயமும் இதுக்குள்ளதான் இருக்கு.

போர்டு 9600ல `H` அனுப்புது, மானிட்டர் 19200ல இருக்கு. அதாவது கேக்கற பக்கம் ரெண்டு மடங்கு வேகமா எண்ணுது. போர்டு ஒரு பிட்ட 104 மைக்ரோ செகண்ட் புடிச்சு வச்சிருக்கற நேரத்துல கேக்கற சிப் 52க்கு ஒருதரம்னு ரெண்டு தடவ பாத்துடுது. அதனால ஒவ்வொரு பிட்டும் ரெட்டையாத் தெரியும்:

```
00 00 00 00 11 00 00 11 00 11
```

மொத்தம் இருபது. ஆனா கேக்கற சிப்புக்கு ஒரு எழுத்துன்னா பத்து பிட்தான். அதனால பத்து பத்தா வெட்டிடுது:

```
0 00000001 1
0 00011001 1
```

ரெண்டையும் பாருங்க, முன்னாடி 0 இருக்கு, கடைசில 1 இருக்கு, சிப்பப் பொறுத்தவரைக்கும் ஒழுங்கா வந்த ரெண்டு எழுத்து. அதுக்கு சந்தேகமே வராது. நடுவுல இருக்கற எட்டத் திருப்பிப் போட்டா மொதல்ல 10000000, அது 128. அடுத்தது 10011000, அது 152. நாம அனுப்பினது ஒரே ஒரு 72, வந்து சேந்தது 128ம் 152ம்.

இப்ப இந்த ரெண்டு நம்பரும் ஸ்க்ரீன்ல என்னவாத் தெரியும்? ஆஸ்கி பட்டியல் 127ஓட முடிஞ்சுபோச்சு. அதுக்கு மேல வர்ற நம்பர்கள யூடிஎஃப்-8ங்கற முறைல கூட்டு சேத்துத்தான் படிக்கணும் (தமிழ் எழுத்தெல்லாம் அப்படித்தான் வருது, ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட், எட்டு பிட் சேந்தது ஒரு பைட்). 128ம் 152ம் அந்த முறைல ஒரு கூட்டத்தோட ரெண்டாவது மூணாவது ஆளா வரலாமே தவிர தனியா வந்தா அர்த்தம் கிடையாது. அர்த்தமில்லாத பைட்டப் பாத்தா ஆர்டுயினோ ஐடிஇ ஒரு மாற்றுக் குறியப் போட்டுடும், பழைய 1.8ல அது `⸮`, புது 2ல `�`. நீங்க பாக்கற அந்தத் திரும்பின கேள்விக்குறி போர்டு அனுப்பின எழுத்தே இல்ல, "இந்த நம்பருக்கு எழுத்து என் கிட்ட இல்ல"ன்னு ஐடிஇ சொல்றது. அதனாலதான் ஃபான்ட் மாத்திப் பாத்தாலும் ஒண்ணும் நடக்காது.

நான் சொல்றத நம்பாதீங்க, போர்டுல போட்டுப் பாருங்க:

```
void setup() {
  Serial.begin(9600);
}

void loop() {
  Serial.write('H');
  delay(500);
}
```

மானிட்டர 9600ல வச்சா அரை செகண்டுக்கு ஒரு `H` வரும். 19200க்கு மாத்தினா அரை செகண்டுக்கு ரெண்டு ரெண்டா குறி வரும். நூறு தடவ பண்ணாலும் அதே ரெண்டுதான், ஏன்னா இது ஒயர் லூஸானதால வர்ற கோளாறு இல்ல, கணக்கு. லூஸ் கனெக்ஷன்னா ஒருதரம் சரியா வரும், ஒருதரம் தப்பா வரும், ஒயர ஆட்டினா மாறும். பாட் ரேட் தப்புன்னா அதே எழுத்துக்கு அதே குப்பைதான் வரும்.

சுருக்கமா இந்தப் பகுதி: எழுத்து ஒயர்ல உடையல. சரியா வந்த வோல்டேஜத் தப்பான எடத்துல வெட்டிப் படிக்கறதால வேற நம்பராயிடுது.

## எதிர்ப் பக்கமா இருந்தா

தம்பியோட கேஸ் இதுக்கு நேர் எதிர். போர்டு வேகம் 115200, மானிட்டர் 9600. போர்டு ஒரு முழு எழுத்த, பத்து பிட்டயும், சுமார் 87 மைக்ரோ செகண்டுல அனுப்பி முடிச்சுடும். கேக்கற பக்கம் ஒரே ஒரு பிட்டப் படிக்க எடுத்துக்கற நேரம் 104. அது ஒரு தடவ கண்ணச் சிமிட்டறதுக்குள்ள ஒரு எழுத்தே போயிடுது.

`Temp: 28.40` பதினோரு எழுத்து, `println` கடைசில சேக்கற கண்ணுக்குத் தெரியாத ரெண்டோட பதிமூணு. பதிமூணும் போக மொத்தமே 1.1 மில்லி செகண்ட்தான், அந்த நேரத்துல கேக்கற சிப்பால ஒரு எழுத்துதான் முடிக்க முடியும். அதனாலதான் ரெண்டு செகண்டுக்கு ஒருதரம் ஒண்ணு, எப்பவாவது ரெண்டு குறி வந்துச்சு, அடுத்த வரிக்குப் போன்னு சொல்ற எழுத்தும் அதுக்குள்ளயே முழுகிப் போனதால எல்லாம் ஒரே வரில ஒட்டிகிச்சு.

இதவச்சு ஒரு நல்ல அடையாளம் கெடைக்குது. நீங்க அனுப்பறதவிட ரொம்பக் கம்மியா குறி வந்தா மானிட்டர் மெதுவா இருக்கு, மேல போங்க. வேகம் மானிட்டர்ல ஜாஸ்தியா இருந்தா அனுப்பினதவிட ஜாஸ்தி வரலாம், ஆனா ரொம்ப தூரம் விலகிட்டா, 9600க்கு 115200 மாதிரி, ஒரு பிட்டே பன்னெண்டாத் தெரியறதால பெரும்பாலும் வெறும் 0ங்கற பைட்தான் வரும், அது ஸ்க்ரீன்ல கட்டமாவோ ஒண்ணுமே இல்லாத மாதிரியோ தெரியும். அதனால இந்தப் பக்கத்து அடையாளத்த ரொம்ப நம்ப வேணாம்.

"வேகத்தக் கொறைச்சா சரியாயிடும்"ங்கற பேச்சும் எங்கேருந்து வருதுன்னு இப்பத் தெரியும். நிறைய பேரோட மானிட்டர் 9600ல இருக்கு, கோட்ல 115200ஐ 9600 ஆக்கினா ரெண்டும் பொருந்திடுது. சரியானது கொறைச்சதால இல்ல, பொருந்தினதால. கோட 9600ல வச்சிருக்கறவங்க மானிட்டர 4800க்குக் கொறைச்சா குப்பைதான் வரும்.

## அப்லோடு மட்டும் எப்படி சரியாப் போச்சு

இத எல்லாருமே கேக்கறாங்க, நியாயமான கேள்வி. அதே கேபிள், அதே குட்டி சிப், கோடு ஏறிடுச்சு, எழுத்து மட்டும் வரல. காரணம், அப்லோடு பண்றப்ப பேசறது உங்க கோடு இல்ல, சிப்புக்குள்ள முன்னாடியே ஏத்தி வச்சிருக்கற பூட்லோடர்னு ஒரு குட்டி ப்ரோக்ராம். அதுக்குன்னு ஒரு பாட் ரேட் இருக்கு, ஊனோவுல 115200, அது ஐடிஇக்கும் தெரியும், ரெண்டும் அவங்களே பேசி முடிச்சுக்கறாங்க. உங்க `Serial.begin` எண்ணும் மானிட்டர் எண்ணும் அதுல தலையிடறதே இல்ல. அப்லோடு ஆயிடுச்சுன்னா கேபிளும் டிரைவரும் நல்லா இருக்குன்னு அர்த்தம், அத மறுபடி மறுபடி கழட்டி மாட்ட வேணாம்.

அதேமாதிரி லியோனார்டோ, மைக்ரோ மாதிரி போர்டுகள்ல எந்த எண்ண வச்சாலும் சரியா வரும், அதப் பாத்துட்டு "பாட் ரேட்டெல்லாம் சும்மா"ன்னு சொல்றவங்க இருக்காங்க. அந்த போர்டுகள்ல குட்டி சிப்பே கிடையாது, பெரிய சிப் நேரா யூஎஸ்பில பேசுது, நடுவுல எண்ணிப் படிக்க ஒயரே இல்ல. ஊனோவுக்கு அது பொருந்தாது.

## எவ்ளோ வித்தியாசம் தாங்கும்

அச்சு அசலா ஒண்ணா இருக்கணுமான்னா, இல்ல. கேக்கற சிப் ஒவ்வொரு எழுத்துக்கும் ஸ்டார்ட் பிட்டப் பாத்ததும் எண்ணிக்கைய புதுசா ஆரம்பிக்குது, அதனால பிசகு ஒரு எழுத்துல இருந்து அடுத்ததுக்குச் சேராது. ஒவ்வொரு பிட்டயும் அதோட நடுவுல பாக்கும், கடைசி பிட்டுக்கு வர்றதுக்குள்ள அரை பிட் அளவு தள்ளிப் போகாம இருந்தாப் போதும். பத்து பிட்டுல அரை பிட்னா ரெண்டு பக்கமும் சேத்து சுமார் 5 சதவீதம் வரைக்கும் தாங்கும், நடைமுறைல பக்கத்துக்கு 2 சதவீதத்துக்குள்ள வச்சுக்கச் சொல்வாங்க. 9600க்கும் 19200க்கும் நடுவுல நூறு சதவீத வித்தியாசம், அது தாங்கவே தாங்காது.

## எண் ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, அப்பவும் குப்பைன்னா

மொதல்ல மானிட்டரத் துடைச்சுட்டுப் பாருங்க. எண்ண மாத்தினதும் ஏற்கனவே வந்த குப்பை ஸ்க்ரீன்ல அப்படியே நிக்கும், இனிமே வர்றதுதான் சரியா வரும். அதப் பாக்காம "மாத்தியும் வரல"ன்னு திரும்ப மாத்தினவங்க உண்டு.

அடுத்தது `Serial.write` ஆ `Serial.print` ஆன்னு பாருங்க. 200ங்கற எண்ண `Serial.write(200)` னு அனுப்பினா அந்த நம்பருள்ள பைட் அப்படியே போகும், அது ஆஸ்கிக்கு வெளில, பாட் ரேட் சரியா இருந்தாலும் `�` தான். `Serial.print(200)` னா `2`, `0`, `0` னு மூணு எழுத்தாப் போகும்.

ஆன் பண்ணதும் மொதல் ஒண்ணு ரெண்டு வரி மட்டும் குப்பை, அப்புறம் எல்லாம் சுத்தமா வருது, போர்டு நோட்எம்சியூ மாதிரி இஎஸ்பி8266 வகைன்னா அது உங்க தப்பே இல்ல. அந்த சிப் எழுந்திருக்கறப்ப தன்னப் பத்தி கொஞ்சம் சேதி சொல்லும், அத 74880ங்கற விசித்திரமான பாட் ரேட்டுல சொல்லும். மானிட்டர 74880ல வச்சு ரீசெட் அழுத்தினா அந்தக் குப்பை படிக்கற மாதிரி இங்கிலீஷா வரும், அதுக்கப்புறம் வர்ற உங்க சேதி குப்பையாயிடும்.

கடைசியா ஒண்ணு, ரொம்ப நேரத்தத் தின்னுடற ஒண்ணு. ப்ரோ மினி போர்டு ரெண்டு வகைல வருது, 5 வோல்ட் 16 மெகாஹெர்ட்ஸ், 3.3 வோல்ட் 8 மெகாஹெர்ட்ஸ். சிப் 104 மைக்ரோ செகண்ட எண்றதே அந்த மெகாஹெர்ட்ஸ் எண் சொல்ற கடிகாரத் துடிப்ப வச்சுத்தான். கைல இருக்கறது 8 மெகாஹெர்ட்ஸ் போர்டு, ஐடிஇல 16 தேர்ந்தெடுத்திருந்தா, சிப் எண்ணிக்கை சரியா எண்ணும் ஆனா ஒவ்வொரு துடிப்பும் ரெட்டை நேரம் எடுக்கும், கோட்ல 9600னு இருந்தாலும் ஒயர்ல போறது 4800. அப்லோடும் நல்லாப் போயிடும், ஏன்னா ரெண்டு வகைக்குமே பூட்லோடர் 57600தான். கண்டுபிடிக்க, கோட்ல 9600 இருக்கறப்ப மானிட்டர 4800ல வச்சுப் பாருங்க, சுத்தமா எழுத்து வந்தா இதுதான். இன்னொரு சாட்சியும் வேணும்னா ப்ளிங்க் கோட போடுங்க, `delay(1000)` க்கு எல்இடி ஒரு செகண்டுக்குப் பதிலா ரெண்டு செகண்டு எரியும். `Tools > Processor` ல போய் `ATmega328P (3.3V, 8 MHz)` தேர்ந்தெடுத்துட்டு மறுபடி அப்லோடு பண்ணுங்க, மானிட்டரத் திரும்ப 9600க்குக் கொண்டு வந்துடுங்க.